ரஃப் நோட்டிலிருந்து ரெக்கார்டுக்கு: ஒரு தனிஊசல் சோதனை எழுத்தாகும் விதம்

பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்தில் தனிஊசல் சோதனை முடிந்ததும் ஒரு மாணவியின் ரஃப் நோட்டைத் திறந்தால் ஏறக்குறைய இப்படி ஒரு பக்கம் கண்ணில் படும்:

வெர். 1.9, 4 → 1.94
69 – 33.7, 33.5
79 – 36.0, 35.8
89 – 36.2 (அடித்திருக்கிறது) 38.0, 38.2
ஃபேன் ஆஃப்
99 – வட்டமா சுத்துது, திரும்ப விட்டோம். 40.1, 40.3
நூல் கொக்கி வரைக்கும்தான்
20 ஆட்டம், சின்ன கோணம்

தலைப்பு இல்லை. அலகு இல்லை. எது நீளம், எது நேரம் என்று அன்றைக்கு அங்கே நின்றவருக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கம்தான் அடுத்த வாரம் நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, காட்சிப்பதிவு, கணக்கீடு, முடிவு என்று ஆறு தலைப்புகளில் ரெக்கார்ட் நோட்டில் ஏற வேண்டும். பல பிள்ளைகள் இந்த இடத்தில் ரஃப் நோட்டை மூடிவிட்டு, சீனியர் அக்காவின் ரெக்கார்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறார்கள். செய்த சோதனை ஒன்று, எழுதிய சோதனை வேறொன்று என்று ஆகிவிடுகிறது.

அப்படிச் செய்யத் தேவையே இல்லை. மேலே உள்ள எட்டு வரிகளுக்குள் ஆறு தலைப்புக்கும் வேண்டியது முழுவதும் இருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டால் போதும். இது நான் கண்ணால் பார்த்ததா, கையால் செய்ததா, கணக்குப் போட்டுப் பெற்றதா, அல்லது அதிலிருந்து நான் முடிவுகட்டியதா? பார்த்தது காட்சிப்பதிவுக்குப் போகும். செய்தது செய்முறைக்கு. போட்டது கணக்கீட்டுக்கு. முடிவுகட்டியது முடிவுக்கு. மிச்சம் இருக்கும் நோக்கமும் கருவிகளும் இந்த நான்கையும் வைத்துத் தாமாகவே எழுந்து வரும்.

முதலில் எழுத வேண்டியது காட்சிப்பதிவு

ரெக்கார்டில் படிக்கும் வரிசை நோக்கத்தில் தொடங்குகிறது. எழுதும் வரிசை அதுவாக இருக்க வேண்டியதில்லை. முதலில் அட்டவணையைப் போடுவதுதான் பாதுகாப்பு. ஏனென்றால் அளவீடுகள் மட்டும்தான் மறந்துபோனால் திரும்பக் கிடைக்காதவை. மற்றவற்றை யோசித்து எழுதிவிடலாம்.

அட்டவணை போடும்போது ஒரு எண்ணைப் பார்த்தவுடன் அது கருவியில் நேராகப் படித்ததா, கணக்கில் வந்ததா என்று பிரிக்க வேண்டும். ரஃப் நோட்டின் முதல் வரியை எடுத்துக்கொள்வோம். ஊசல் குண்டை வெர்னியர் அளவியின் தாடைகளுக்கு நடுவே வைத்தபோது முதன்மைக் கோலில் தெரிந்தது 1.9 சென்டிமீட்டர். வெர்னியரில் நேராகப் பொருந்திய கோடு நான்காவது. இவை இரண்டும் பார்த்தவை. அளவியின் மீச்சிற்றளவு 0.01 சென்டிமீட்டர் என்பதால் நான்கு கோட்டுக்கு 0.04 சேர்த்து 1.94 என்று வருகிறது. இது போட்டது. பல ரெக்கார்டுகளில் '1.94' மட்டும் இருக்கும். 1.9-உம் 4-உம் காணாமல் போயிருக்கும். நான்குக்குப் பதில் ஏழு என்று தவறாகப் படித்திருந்தாலும், கூட்டலில் பிசகியிருந்தாலும், பிறகு பார்க்கும் ஆசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதி, அதன்பின் விட்டத்தை எழுத வேண்டும். அளவியில் சுழிப்பிழை உண்டா என்று பார்த்திருந்தால், 'சுழிப்பிழை இல்லை' என்பதும் ஒரு காட்சிப்பதிவுதான்.

அடுத்து 69, 79, 89, 99. இவை மீட்டர் அளவுகோலில் படித்த நூலின் நீளங்கள். ஆனால் கீழே ஒரு வரி இருக்கிறது: 'நூல் கொக்கி வரைக்கும்தான்'. அவசரத்தில் எழுதிய இந்த வரிதான் பக்கத்திலேயே மிக முக்கியமானது. தனிஊசலின் நீளம் என்பது நூலைத் தொங்கவிட்ட புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள தூரம். மாணவி அளந்தது குண்டின் மேல்விளிம்பு வரை, கொக்கியும் சேர்த்து. அங்கிருந்து மையத்துக்கு இன்னும் குண்டின் ஆரம் இருக்கிறது. விட்டம் 1.94 என்றால் ஆரம் 0.97. அதைச் சேர்த்தால் 69.0 என்பது 69.97 ஆகிறது. மீட்டர் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே படிக்க முடியாது என்பதால் அதை 70.0 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். மற்றவை 80.0, 90.0, 100.0. குண்டின் விட்டத்தை எதற்காக அளந்தோம் என்பதற்கு விடையும் இங்கேதான் கிடைக்கிறது.

இன்னொரு நுணுக்கம். ரஃப் நோட்டில் '69' என்று இருப்பதை ரெக்கார்டில் '69.0' என்று எழுதலாம். அளவுகோலில் மில்லிமீட்டர் கோடு இருக்கிறது, மாணவி அந்தக் கோட்டுக்குச் சரியாக வைத்துத்தான் அளந்தாள். ஆனால் '69.00' என்று எழுதக் கூடாது. அந்தக் கடைசிச் சுழியத்தைச் சொல்லும் கருவி அவள் கையில் இருக்கவில்லை. எத்தனை இலக்கம் எழுதுகிறோம் என்பதே எவ்வளவு நுட்பமாகப் பார்த்தோம் என்பதற்கான வாக்குமூலம்.

இப்போது அட்டவணை இப்படி அமையும். நேரம் 20 அலைவுகளுக்கானது.

| நூல் + கொக்கி (செ.மீ) | ஊசலின் நீளம் l (மீ) | முதல் முறை (வினாடி) | இரண்டாம் முறை (வினாடி) | சராசரி (வினாடி) |
|---|---|---|---|---|
| 69.0 | 0.700 | 33.7 | 33.5 | 33.6 |
| 79.0 | 0.800 | 36.0 | 35.8 | 35.9 |
| 89.0 | 0.900 | 38.0 | 38.2 | 38.1 |
| 99.0 | 1.000 | 40.1 | 40.3 | 40.2 |

அலகு ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டாம். தலைப்பு வரியில் ஒரு முறை இருந்தால் போதும். ஆனால் அந்த ஒரு முறை கட்டாயம் இருக்க வேண்டும்.

அடித்துவிட்ட 36.2 எங்கே போகும்?

89-க்கு நேரே 36.2 என்று எழுதி அடித்திருக்கிறது. ரெக்கார்ட் எழுதும்போது பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ள வேண்டும். அந்த எண் தன் கதையைத் தானே சொல்கிறது.

அடுத்து எடுத்த இரண்டு அளவீடுகளின் சராசரி 38.1. அதை 20-ஆல் வகுத்தால் ஓர் அலைவுக்கு 1.905 வினாடி. 38.1-இலிருந்து 36.2-ஐக் கழித்தால் 1.9. அதாவது குறைந்தது சரியாக ஓர் அலைவு நேரம். ஆக, ஊசல் 20 முறை ஆடவில்லை. 19 முறைதான் ஆடியிருக்கிறது. குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்தியவர் அந்தக் கணத்திலேயே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார். கடிகாரம் ஓடத் தொடங்கும் கணம் சுழியம். குண்டு ஒரு முழுச் சுற்று போய், அதே புள்ளியை அதே திசையில் மறுபடி கடக்கும்போதுதான் 'ஒன்று'. இந்தப் பிழை எல்லா ஆய்வகத்திலும் நடக்கும்.

இதைப் பேசாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 36.2-ஐ 20 அலைவுக்கான நேரமாக வைத்துக் கணக்கிட்டால் அந்த நீளத்துக்கு மட்டும் புவியீர்ப்பு முடுக்கம் 10.8-க்கு மேல் போய் நிற்கும். மற்ற மூன்று வரிகளும் 9.8-ஐ ஒட்டியே இருக்கும். ஒரு வரி மட்டும் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது என்றால், அளவிட்டதில் என்ன நடந்தது என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

ஆகவே அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதலாம்: '0.900 மீட்டர் நீளத்துக்கு முதலில் பெற்ற 36.2 வினாடி, அலைவு எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததால் சராசரியில் சேர்க்கப்படவில்லை.' காரணம் தெரிந்து விலக்குவது முறை. காரணம் தெரியாமல், எண் பிடிக்கவில்லை என்று விலக்குவது முறையல்ல. அப்படிப்பட்ட சமயத்தில் அதே நீளத்துக்கு இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும். ரஃப் நோட்டிலும் ஓர் எண்ணை அடிக்கும்போது ஒரே கோடுதான் போட வேண்டும். அடித்தபின்னும் எண் படிக்கும்படி இருக்க வேண்டும். ஒயிட்னர் பூசியிருந்தாலோ பேனாவால் கருப்பாக்கியிருந்தாலோ, மேலே சொன்ன காரணத்தை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கணக்கீடு: ஒரு வரியாவது முழுமையாக

கணக்கீட்டுப் பகுதி முதலில் வாய்பாட்டைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது என்பதையும் அலகோடு சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் அது:

g = 4π² × (l / T²)

இதில் g புவியீர்ப்பு முடுக்கம், l ஊசலின் நீளம் மீட்டரில், T ஓர் அலைவுக்கான நேரம் வினாடியில். வாய்பாட்டைப் பார்த்தால் நமக்கு வேண்டியது l / T² என்ற ஒரு விகிதம்தான் என்று புரியும். நீளம் கூடினால் நேரமும் கூடும். ஆனால் இந்த விகிதம் மட்டும் எல்லா நீளத்துக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். சோதனை சரியாக நடந்ததா என்று சொல்லும் சாட்சி இந்தக் கடைசி நிரல்தான்.

எல்லா வரிகளையும் முழுமையாக விரித்து எழுத வேண்டாம். ஒரு வரியை விரித்துக் காட்டிவிட்டு மற்றவற்றை அட்டவணையில் தரலாம். முதல் வரியை எடுத்தால், 33.6-ஐ 20-ஆல் வகுக்க T = 1.680 வினாடி. அதன் வர்க்கம் 2.822. 0.700-ஐ 2.822-ஆல் வகுக்க 0.2481.

| l (மீ) | T (வினாடி) | T² | l / T² |
|---|---|---|---|
| 0.700 | 1.680 | 2.822 | 0.2481 |
| 0.800 | 1.795 | 3.222 | 0.2483 |
| 0.900 | 1.905 | 3.629 | 0.2480 |
| 1.000 | 2.010 | 4.040 | 0.2475 |

கடைசி நிரலின் சராசரி 0.2480. 4π² என்பது 39.48. இரண்டையும் பெருக்கினால் 9.79. அலகு மீட்டர் / வினாடி².

கால்குலேட்டர் இதற்குப் பத்து இலக்கம் காட்டும். அத்தனையையும் எழுதக் கூடாது. நேரத்தை மூன்று இலக்கத்துக்குத்தான் அளந்தோம், 33.6 என்று. விடையும் மூன்று இலக்கத்தோடு நிற்பதே நேர்மை.

இந்த இடத்தில் கொக்கிக் கதைக்கு ஒரு முறை திரும்புவது நல்லது. குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்து 0.69, 0.79 என்றே நீளத்தை வைத்துப் போட்டிருந்தால் விடை 9.67 என்று வந்திருக்கும். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஆரம், விடையை ஒரு சதவீதத்துக்கும் மேல் இழுத்துவிடுகிறது. விடை எதிர்பார்த்ததைவிடக் குறைந்து வந்தால் நீளம் எதுவரை அளக்கப்பட்டது என்பதை முதலில் சரிபாருங்கள். அதைச் சரிபார்க்க உதவுவது ரஃப் நோட்டில் உள்ள அந்த அரை வரிதான்.

செய்முறை: நாம் செய்தது மட்டும்

செய்முறைதான் அதிகமாகப் பார்த்து எழுதப்படும் பகுதி. கையேட்டில் 'ஊசலைச் சிறு கோணத்தில் இழுத்து விட வேண்டும்' என்று இருப்பது ரெக்கார்டிலும் அப்படியே 'வேண்டும், வேண்டும்' என்று வந்து விழுகிறது. கையேடு செய்யப்போகிறவருக்கான அறிவுரை. ரெக்கார்ட் செய்துமுடித்தவரின் பதிவு. அதனால் வினைச்சொற்கள் நடந்துமுடிந்ததாக இருக்க வேண்டும்: அளக்கப்பட்டது, விடப்பட்டது, குறித்துக்கொள்ளப்பட்டது.

ரஃப் நோட்டில் எண் இல்லாத வரிகள் எல்லாம் செய்முறையின் கச்சாப் பொருள். 'ஃபேன் ஆஃப்' என்பதைப் பாருங்கள். மேலே சுழலும் மின்விசிறியின் காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளும், அதனால் நிறுத்தினார்கள். 'வட்டமா சுத்துது, திரும்ப விட்டோம்' என்பதும் அப்படியே. விடும்போது விரல் சற்றே தள்ளிவிட்டால் குண்டு ஒரே தளத்தில் முன்னும் பின்னும் ஆடாமல் நீள்வட்டமாகச் சுற்றும். அந்த ஆட்டத்துக்கு நம் வாய்பாடு பொருந்தாது. 'சின்ன கோணம்' என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வாய்பாடே சிறு கோணத்துக்கு மட்டும் உரியது. 10 பாகை வரை இழுத்து விட்டால் அலைவு நேரத்தில் வரும் வித்தியாசம் சுமார் 0.2 சதவீதம்தான், நம் கடிகாரத்துக்கு அது அநேகமாகத் தெரியாது. 30 பாகை இழுத்தால் நேரம் கிட்டத்தட்ட 1.7 சதவீதம் கூடும். நேரம் வர்க்கமாகி வகுப்பதால் g-இல் அந்தப் பிழை இரு மடங்காகும்.

'20 ஆட்டம்' ஏன்? கண் பார்த்துக் கை கடிகாரத்தை அழுத்துவதற்குள் ஐந்தில் ஒரு வினாடி அளவு முன்பின் ஆகலாம். ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தால், 2 வினாடியில் 0.2 வினாடி பிழை, அதாவது 10 சதவீதம். 20 அலைவுகளுக்குச் சேர்த்து அளந்தால் அதே 0.2 வினாடி 40 வினாடியில் கரைந்துபோகிறது. அரைச் சதவீதம்தான்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் இந்த மாணவியின் செய்முறை இப்படி அமையும்:

'வெர்னியர் அளவியால் ஊசல் குண்டின் விட்டம் அளக்கப்பட்டது. குண்டு கட்டிய நூல், பிளந்த தக்கையின் நடுவே செலுத்தப்பட்டுத் தாங்கியில் பொருத்தப்பட்டது. தக்கையின் அடிவிளிம்பிலிருந்து குண்டின் மேல்விளிம்பு வரை கொக்கியோடு சேர்த்து நூலின் நீளம் அளக்கப்பட்டது, அதனோடு குண்டின் ஆரம் கூட்டப்பட்டது. காற்று படாதிருக்க மின்விசிறி நிறுத்தப்பட்டது. குண்டு சிறு கோணத்தில் இழுத்து, தள்ளாமல் விடப்பட்டது. நீள்வட்டமாகச் சுழன்றபோது நிறுத்தி மீண்டும் விடப்பட்டது. குண்டு நடுப்புள்ளியைக் கடக்கையில் நிறுத்துக்கடிகாரம் இயக்கப்பட்டு, 20 அலைவுகளுக்கான நேரம் குறிக்கப்பட்டது. ஒவ்வொரு நீளத்துக்கும் இருமுறை நேரம் அளக்கப்பட்டது.'

நடுப்புள்ளியில் ஏன் கடிகாரத்தை இயக்கினார்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். குண்டு அங்கே மிக வேகமாகக் கடக்கிறது, கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். ஆட்டத்தின் ஓரத்தில் அது தயங்கி நின்று திரும்புவதால் எந்தக் கணம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. தானே செய்ததை எழுதியவருக்கு இந்த விடை தானாக வரும்.

கருவிகளும் நோக்கமும்

தேவையான கருவிகளின் பட்டியலை நினைவிலிருந்து எழுத வேண்டாம். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தொட்டு, இது எந்தக் கருவியில் படித்தது என்று கேளுங்கள். நீளத்துக்கு மீட்டர் அளவுகோல். விட்டத்துக்கு வெர்னியர் அளவி. நேரத்துக்கு நிறுத்துக்கடிகாரம். பிறகு செய்முறையில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் தொடுங்கள். குண்டு, நூல், பிளந்த தக்கை, தாங்கி. இரண்டையும் சேர்த்தால் பட்டியல் முடிந்தது. பட்டியலில் இருந்து அட்டவணையிலும் செய்முறையிலும் எங்கும் வராத கருவி ஒன்று இருந்தால், அது வேறொருவரின் ரெக்கார்டிலிருந்து வந்தது. அளவிடும் கருவிகளுக்குப் பக்கத்தில் மீச்சிற்றளவையும் குறித்துவிட்டால், விடையில் ஏன் மூன்று இலக்கம் மட்டும் என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கும்.

நோக்கத்தைக் கடைசியில் எழுதினால் அது குறி தவறாது. 'தனிஊசலைப் பயன்படுத்தி, சோதனை நடந்த இடத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறிதல்.' எதைக் கண்டறிகிறோம், எதைக் கொண்டு கண்டறிகிறோம் என்ற இரண்டும் இந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. 'தனிஊசலைப் பற்றி அறிதல்' என்று எழுதினால் சோதனை முடிந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது? நோக்கம் ஒரு கேள்வியாக மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இங்கே g எவ்வளவு? முடிவு அந்தக் கேள்விக்கு நேரான பதிலாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். கேள்வியும் பதிலுமாகப் பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும்.

முடிவு: வந்த எண்ணைச் சொல்லுங்கள்

'தனிஊசல் சோதனையால் கண்டறிந்த புவியீர்ப்பு முடுக்கம் g = 9.79 மீட்டர் / வினாடி².' இதுதான் முடிவு. அதன் பின் ஒரு வாக்கியம் சேர்க்கலாம்: நான்கு நீளங்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டால் g 9.77-க்கும் 9.80-க்கும் இடையில் வருகிறது. எவ்வளவு நம்பலாம் என்பதை இந்த வாக்கியம் படிப்பவருக்குச் சொல்லிவிடும்.

முடிவில் புதிய அளவீடு எதுவும் வரக் கூடாது. செய்யாத சோதனையைப் பற்றிய கூற்றும் வரக் கூடாது. இந்த மாணவி குண்டை மாற்றிப் பார்க்கவில்லை. ஆகவே 'அலைவு நேரம் குண்டின் நிறையைச் சார்ந்ததல்ல' என்று அவள் எழுத முடியாது. அது உண்மைதான். ஆனால் அவள் அட்டவணை அதைக் காட்டவில்லை.

இங்கேதான் ஒரு பெரிய ஆசை எழும். பாடநூலில் 9.8 என்று இருக்கிறது, நமக்கு 9.79 வந்திருக்கிறது, ஒரு நேரத்தை மட்டும் சற்றே மாற்றினால் சரியாகிவிடுமே! தயவுசெய்து மாற்றாதீர்கள். புவியீர்ப்பு முடுக்கம் பூமியெங்கும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டில் அது சுமார் 9.78, துருவங்களில் சுமார் 9.83. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அது 9.78-ஐ ஒட்டித்தான் இருக்கும். 9.8 என்பது வசதிக்காக முழுமையாக்கிய எண். 9.79-ஐத் திருத்தி 9.80 ஆக்கும் மாணவர், உண்மைக்கு அருகில் இருந்த எண்ணை உண்மையைவிட்டு விலக்கி வைக்கிறார்.

இந்தச் சிறு வேறுபாட்டை முதலில் கண்டவர்களில் ஒருவர் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர். 1672-இல் அவர் தென்னமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேன் என்ற ஊருக்கு வானியல் ஆய்வுக்காகப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று ஒதுக்கித் தள்ளுவது எளிது. அவர் ஊசலின் நீளத்தைக் குறைத்துச் சரியாக ஓடவைத்து, எவ்வளவு குறைத்தார் என்பதையும் எழுதி வைத்தார். பூமி முழு உருண்டையாக இல்லை, நடுவில் சற்றே புடைத்திருக்கிறது என்று நியூட்டன் 1687-இல் வெளியிட்ட 'பிரின்சிபியா' நூலில் வாதிட்டபோது அந்தப் பதிவு அவருக்குச் சான்றானது. எதிர்பார்த்த எண்ணுக்கு ஏற்ப ரிஷே தன் குறிப்பைத் திருத்தியிருந்தால் அந்தச் சான்று கிடைத்திருக்காது.

வேதியியலுக்கும் இதே கேள்விதான்

தரம்பார்த்தல் சோதனையில் ரஃப் நோட்டில் '18.6' என்று மட்டும் இருந்தால், அது கழித்துப் பெற்ற எண். பியூரெட்டில் தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்ற இரண்டும்தான் கண்ணால் பார்த்தவை. அவை இரண்டும் அட்டவணையில் இருக்க வேண்டும். உப்புப் பகுப்பாய்வில் இந்தப் பிரிவினை அட்டவணையிலேயே இருக்கிறது. சில்வர் நைட்ரேட் சேர்த்தபோது தயிர்போன்ற வெண்ணிற வீழ்படிவு வந்தது, அது அம்மோனியம் ஹைட்ராக்சைடில் கரைந்தது என்பது பார்த்தது. குளோரைடு இருக்கிறது என்பது அதிலிருந்து முடிவுகட்டியது. இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்து எழுதினால், குளோரைடு இல்லாத உப்பு என்று பின்னர் தெரியவரும்போது, கண் தவறியதா கருத்து தவறியதா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும்.

ரெக்கார்டில் ஏற்றும்போது

நம் பள்ளி ரெக்கார்டுகளில் ஒரு பக்கம் கோடிட்டும் எதிர்ப்பக்கம் வெள்ளையாகவும் இருக்கும். கோடிட்ட பக்கத்தில் நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு ஆகியவை பேனாவில். வெள்ளைப் பக்கத்தில் படம், அட்டவணை, கணக்கீடு ஆகியவை பென்சிலில். இந்த வழக்கம் பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும், உங்கள் ஆசிரியர் சொல்வதைப் பின்பற்றுங்கள். படத்தில் தொங்கும் புள்ளி முதல் குண்டின் மையம் வரை நீளத்தை அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள். கொக்கிப் பிழைக்கு அந்த ஓர் அம்பே போதுமான தடுப்பு.

ரஃப் நோட்டை மட்டும் அழகுபடுத்தாதீர்கள். சோதனை மேசையில் நின்றபடி, எண்ணைப் பார்த்த உடனே பேனாவில் எழுதுங்கள். கையிலோ துண்டுச் சீட்டிலோ எழுதிப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல்லையாவது சேருங்கள். 'கொக்கி வரைக்கும்' என்பதுபோல் அரை வரி இருந்தாலே ஒரு வாரம் கழித்து அது உங்களைக் காப்பாற்றும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டில் கையெழுத்திடும்போது ரஃப் நோட்டையும் பக்கத்தில் திறந்து வைக்கச் சொல்லுங்கள். 9.80 என்ற அச்சடித்த விடைக்கு முழு மதிப்பெண்ணும், 9.67-ஐ நேர்மையாக எழுதி, ஆரத்தைச் சேர்க்க மறந்தேன் என்று காரணமும் கண்டுபிடித்த பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண்ணும் போட்டால், அடுத்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளும் 9.80 என்றே எழுதுவார்கள். ஆய்வகத்தில் ஊசல் ஆடியதா என்பதுகூட அப்போது நமக்குத் தெரியாது.